புழுவுக்கு வைத்த பூ

தக்காளிக்கு நடுவே செண்டுப்பூ நட்டது ஒரு குற்றமா? தோட்டம் போட்டவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நட்டவள் தாலியறுத்தவள். ஊருக்கு அது போதாதா? கண்மாயில் தண்ணீர் வற்றினாலும் வற்றும், ஊர் வாயில் எச்சில் வற்றாது.

பழங்காநத்தத்துக்குத் தெற்கே கண்மாய்க் கரையை ஒட்டிக் கருத்தக்கண்ணனின் வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் பத்துக் குழி நிலம். அது அவருடைய தம்பி வீரணனின் பங்கு. வீரணன் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவன் பெண்டாட்டி அழகம்மாளும், ஒன்பது வயது மகள் மாயக்காளும் அதே வீட்டின் ஓரத்து அறையில் இருந்தார்கள்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றாலும் பாதிப் பை நிறையாத காலம். கருத்தக்கண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் நாலு பிள்ளைகள். ஆனி மாசம் ஒருநாள் அவர் தன் பெண்டாட்டி இருளாயி வழியாகத் தம்பி பெண்டாட்டிக்குச் சொல்லி அனுப்பினார். இந்தப் பத்துக் குழியைத் தை முடிகிற வரை அவளே பார்க்கலாம். அவளும் பிள்ளையும் அதில் கஞ்சி குடித்துவிட்டால் நிலம் அவளுடையது, யாரும் கேட்க மாட்டார்கள். முடியாவிட்டால் மேலூரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டியது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு, அதுதான் அவர் பேச்சு.

மேலூருக்குப் போக அழகம்மாளுக்கு மனம் இல்லை. அண்ணன் முத்துக்கருப்பன் நல்லவன்தான். ஆனால் அண்ணன் பெண்டாட்டி, போன பொங்கலுக்குப் போனபோதே மாயக்காளின் தட்டில் இரண்டாம் கரண்டி சோறு விழும்போது கரண்டியைத் தட்டில் நங்கென்று வைத்தவள். ஒரு பொங்கலுக்கே அப்படியென்றால் ஆயுசு முழுக்க எப்படி? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலை மிதிப்பதைவிடக் கிணற்றடியில் மண்ணைத் தின்று கிடக்கலாம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

சீமைத் தக்காளி போட்டாள். நம் ஆட்கள் அப்போது அதை அவ்வளவாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் மதுரைக்குள் கீழவாசல் பக்கம் பக்கீர் முகமதுவின் சாப்பாட்டுக் கடைக்கு அது வேண்டியிருந்தது. அவருடைய வீட்டம்மா சபியாவுக்கு அழகம்மாள் முன்பு கீரை கொடுத்துப் பழக்கம். வாரம் இரண்டு கூடை வந்தால் எடுத்துக்கொள்வதாகச் சபியா சொல்லி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு கண்டிப்பு: ஓட்டை விழுந்த பழம் ஒன்று இருந்தாலும் கூடை திரும்பி வரும்.

ஓட்டை போடுகிறவன் யார் என்று அழகம்மாளுக்குத் தெரியும். பச்சைப் புழு. தலையைக் காய்க்குள் நுழைத்துக்கொண்டு பின்பாதி உடம்பை வெளியே நீட்டியபடி, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நிதானமாகத் தின்னும். ஒரு காயோடு விடுமா? பாதி தின்றுவிட்டு அடுத்த காய்க்குப் போய்விடும்.

அதற்கு அவளிடம் இரண்டு மருந்து இருந்தது. ஒன்று வேம்பு. ஆடி மாசம் கண்மாய்க் கரை மரங்களுக்கு அடியில் தாயும் மகளுமாகப் பொறுக்கிய வேப்பங்கொட்டையை நிழலில் காயவைத்து, ஓடு நீக்கிப் பருப்பை எடுத்து வைத்திருந்தாள். ஒரு கைப்பிடிப் பருப்புக்கு ஒரு செம்பு தண்ணீர் என்பது அவள் கணக்கு. இடித்துத் துணியில் முடிந்து பானைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்து வடிகட்டினால் பால் போல வரும். சுண்டைக்காய் அளவு துணி வெளுக்கிற சவுக்காரத்தை அதில் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் இலையில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். மழை பெய்தால் மறுபடியும் அடிக்க வேண்டும். அடித்தவுடன் புழு செத்து விழாது. கசப்பில் வாய் கட்டிப் போய்த் தின்னாமல் வளராமல் சுருங்கும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை ஒன்றும் செய்யாது.

தெளிக்க அவள் எடுத்தது வீரணனின் தோல்பையை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நேர்த்திக்கடனாகத் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்த ஆட்டுத்தோல் பை. அண்ணனும் தம்பியுமாக இடுப்பில் சல்லடக் கச்சை கட்டிக்கொண்டு வருஷாவருஷம் போவார்கள். வீரணன் போனபின் அது உத்தரத்தில் தொங்கியது. அதை அக்குளில் இடுக்கி அமுக்கினால், குழாய் மூக்கு வழியே வேப்பந்தண்ணீர் இலைக்கு அடியிலும் போய்ப் பூவாய்ச் சிதறியது. முதல் நாள் அவள் அழுதுகொண்டேதான் அமுக்கினாள். பிறகு வேலை அழுகையைத் தின்றுவிட்டது.

இரண்டாவது மருந்துதான் செண்டுப்பூ. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போன வருஷம் சிவனாண்டியின் பூந்தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கப் போனபோது தானாகக் கண்டது. சிவனாண்டி வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருப்பார், செண்டு மொட்டையெல்லாம் புழு குடைகிறது என்று. அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே தானாக முளைத்த நாலு தக்காளிச் செடியில் ஒரு காயில்கூட ஓட்டை இல்லை. அழகம்மாள் பத்து நாள் பார்த்தாள். அந்தி நேரத்தில் வரும் அந்துப்பூச்சி தக்காளியைத் தாண்டிப் போய்ச் செண்டில் உட்கார்ந்து முட்டை வைத்தது. அவருக்குத் தொல்லையாக இருப்பது தனக்கு வேலியாகுமே என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

ஆகவே புரட்டாசியிலேயே செண்டு விதைத்தாள். பதினைந்து நாள் கழித்துத்தான் தக்காளி விதை. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டுமே! நாலு ஓரத்திலும் செண்டு, நடுவில் ஒரு வரிசை. வேப்பந்தண்ணீரைத் தக்காளிக்கு மட்டும் அடித்தாள், செண்டில் ஒரு சொட்டுப் படவிடவில்லை. இங்கே கசப்பு, அங்கே விருந்து என்றால் பூச்சி எங்கே போகும்? காலையில் செண்டு மொட்டுகளைப் பிரித்துப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவாள்.

பூவைத் தொட்ட கையில் வாசம் ஒட்டிக்கொள்ளும். செண்டு வாசம் லேசில் போகாது. அதனால் அவள் தினமும் சாம்பலைப் போட்டுத் தோல் எரிய எரியக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். தாலியறுத்தவள் கையில் பூவாசம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. இப்படியும் ஒரு பயம், இப்படியும் ஒரு பிழைப்பு!

கார்த்திகைக் கடைசியில் செண்டு பூத்தது. பத்துக் குழிக்கும் மஞ்சள் கரை கட்டியது போல நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் கருத்தக்கண்ணனின் மூத்த மகளைத் தன் மகனுக்குக் கேட்டு, மேலூர்ப் பக்கத்து உக்கிரபாண்டி வந்தார். ஆள் ஒருவகையில் மச்சான் முறை, வயதில் மூத்தவர். சாப்பிட்டுக் கைகழுவக் கிணற்றடிக்கு வந்தவர் பூவைப் பார்த்தார். யாருடைய தோட்டம் என்று கேட்டார். தம்பி பெண்டாட்டியுடையது என்றதும் புருவத்தை உயர்த்தி, பறித்து விற்கிறாளா என்றார். இல்லை. சாமிக்குப் போகிறதா? அதுவும் இல்லை. அப்படியானால் தாலியறுத்தவள் யாருக்காகப் பூ வளர்க்கிறாள், மாப்ள என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, தை பிறந்தால் வந்து நாள் குறிப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். சிரித்துக்கொண்டே கேட்டதுதான் கருத்தக்கண்ணனைக் குத்தியது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கண்மாயில் புல் அறுத்துக்கொண்டு அழகம்மாள் திரும்பியபோது, கருத்தக்கண்ணன் கடைசி வரிசையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வேரோடு பிடுங்கிய செடிகளைத் துண்டு போட்ட தோளில் அள்ளிச் சுமந்து எருக்குழிக்குப் போனார். புல்லுக்கட்டு அவள் தலையிலேயே இருந்தது. இறக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

புருஷனின் அண்ணனான மூத்தாரிடம் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. எதுவானாலும் அவர் பெண்டாட்டி இருளாயியிடம் சொல்லி, அவள் வழியாகத்தான் போகும். அன்றும் அப்படித்தான் சொன்னாள்.

"அக்கா, அது எனக்கில்லக்கா. புழுவுக்கு வச்ச பூவு."

இருளாயிக்கு விளங்கவில்லை. எருக்குழியிலிருந்து திரும்பியவர் காதில் அது விழுந்தது. தோளில் ஊர்ந்த எதையோ சுண்டிவிட்டபடி, இருளாயி பக்கம் திரும்பி அழகம்மாளுக்குக் கேட்கும்படி அவர் சொன்னார்: "புழுவுக்குப் பூ வைக்கிறவள இப்பத்தான் பாக்குறேன். எம் மக வாழப்போற நேரம் ஆத்தா. ஊரு சிரிக்க வச்சிராத."

விளக்கிச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் ஒரு மாலை நேரம் முழுக்கச் சொல்ல வேண்டிய சங்கதியை இன்னொருத்தி வழியாக எப்படிச் சொல்வது? அழகம்மாள் புல்லை இறக்கி மாட்டுக்குப் போட்டாள். பிடுங்கிய குழிகளை ஒவ்வொன்றாகக் காலால் மூடினாள். மாயக்காள் பக்கத்தில் வந்து நின்று, நாம் மேலூருக்குப் போகப்போகிறோமா என்று கேட்டாள். தாய் அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.

அன்றிலிருந்து வேம்பு ஒன்றுதான் துணை. அந்துப்பூச்சிக்குப் போக வேறு இடம் இல்லை. கசப்போ இனிப்போ, தக்காளியில் இறங்கியது. வாரத்துக்கு ஒருமுறை அடித்தவள் நாலு நாளைக்கு ஒருமுறை அடித்தாள். பதற்றத்தில் ஒருநாள் சவுக்காரத்தை இரண்டு பங்காகக் கரைத்துவிட, மறுநாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோனது. தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். குஞ்சுப் புழுக்கள் சுருங்கி விழத்தான் செய்தன. ஆனால் வைக்கிற முட்டை அத்தனையையும் ஒரு தோல்பை எப்படித் தடுக்கும்? மார்கழி பாதியில் காய் உருண்டு திரண்டபோது, மூன்றுக்கு ஒரு காயில் ஓட்டை. ஓட்டைக் காய்களைப் பொறுக்கிப் பொறுக்கி முந்தானை கனத்தது. கூடைக்கு ஒன்றும் மிஞ்சாது போலிருந்தது.

ஒருநாள் காலை அப்படிப் பொறுக்கியதைக் கிணற்று மேட்டில் கொட்டிவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் இறைக்க வந்த கருத்தக்கண்ணன் குவியலைப் பார்த்து நின்றார். ஒரு காயை எடுத்தார். புழு பாதி உள்ளே, பாதி வெளியே. அதை இழுத்து உள்ளங்கையில் போட்டு உருட்டினார். பச்சை உடம்பு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு.

அப்போது அவர் முகம் மாறியதை அழகம்மாள் பார்த்தாள். எருக்குழிக்குச் செடி சுமந்த அன்று தோளிலிருந்து சுண்டிவிட்டாரே, அவனேதான் இவன்! துண்டில் மட்டும் அன்று ஏழெட்டு இருந்ததாம், பிறகு இருளாயியிடம் சொல்லியிருக்கிறார். அவர் விறுவிறுவென்று எருக்குழிக்குப் போனார். காய்ந்து கிடந்த செண்டுச் செடிகளைக் காலால் புரட்டி, ஒரு மொட்டை எடுத்துப் பிய்த்தார். உள்ளே குடைந்த ஓட்டை. இன்னொன்று. அதிலும் ஓட்டை. அங்கேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். மாடு தண்ணீருக்குக் கத்தியது, அவர் எழவில்லை.

அன்று மத்தியானம் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனவர் பொழுது சாயத்தான் திரும்பினார். வண்டியில் வைக்கோலுக்கு மேல், வேரைச் சுற்றி மண்ணோடு பெயர்த்த செண்டுச் செடிகள், மொட்டும் பூவுமாக முப்பதுக்கு மேல் இருக்கும். சிவனாண்டி தோட்டத்துச் செடிகள். புழு விழுகிற சனியனை எடுத்துப் போ என்று அந்த மனிதர் சும்மாவே கொடுத்துவிட்டாராம். கருத்தக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். மன்னிப்புக் கேட்கிற வாய் அவருக்குக் கிடையாது. அவர் அப்பனுக்கும் கிடையாது. அழகம்மாள் இருந்த பக்கம் பாராமல், வரப்பைப் பார்த்துக் கேட்டார்:

"எம்புட்டுக்கு எம்புட்டு எட வுடணும் ஆத்தா?"

இடையில் இருளாயி இல்லை. கேட்டது நேராக அவளை. அழகம்மாள் வரப்போரம் வந்து நின்றாள். கையால் முழம் காட்டி, ஒண்ணரை முழம் என்றாள். அவர் குழி வெட்டினார், அவள் செடி வைத்தாள், மாயக்காள் செம்பில் தண்ணீர் ஊற்றினாள். முடிந்ததும் அவர் தம்பியின் தோல்பையை எடுத்து எடை பார்ப்பதுபோல் கையில் வைத்திருந்தார். அதை அமுக்குகிற விதம் இப்படி இல்லை, முழங்கையைச் சேர்த்து அமுக்கினால் இன்னும் பொடியாகச் சிதறும் என்றார். பிறகு தானே தக்காளிக்கு அடித்துக் காட்டினார். இருபது வருஷம் அழகருக்குப் பீய்ச்சிய கை அல்லவா, இலைக்கு அடி, மேல், நுனி என்று ஒரு இடம் விடவில்லை. செண்டுப் பக்கம் திரும்பும்போது அழகம்மாள் பதறி, அதற்கு வேண்டாம் மாமா என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கையை மடக்கிக்கொண்டார்.

பெயர்த்து நட்ட செடி இரண்டு நாள் தலை தொங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் நிமிர்ந்தது. அப்புறம் அந்துப்பூச்சி திசை மாறியது. பழைய புழு தின்றது தின்றதுதான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் புதிதாகப் பிடித்த காய்களில் பத்துக்கு ஒன்றில்கூட ஓட்டை இல்லை. தை பிறந்த வாரம் முதல் இரண்டு கூடை பக்கீர் முகமதுவின் கடைக்குப் போயிற்று. ஒரு பழமும் திரும்பவில்லை. அடுத்த வாரம் மூன்றாகக் கொண்டுவர முடியுமா என்று சபியா கேட்டு அனுப்பினாள்.

தை பத்தாம் தேதி போல உக்கிரபாண்டி நாள் குறிக்க வந்தார். அழகம்மாளுக்கு அன்று காலையிலிருந்தே வேலை ஓடவில்லை. மறுபடியும் பிடுங்கினால்? மகள் கல்யாணமா, தம்பி பெண்டாட்டியின் தக்காளியா என்றால் எந்தத் தகப்பன் தக்காளி என்பான்? அவள் அப்படி எதிர்பார்க்கவும் இல்லை. மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அங்கிருந்து கிணற்றடி தெரியும்.

உக்கிரபாண்டி கைகழுவ வந்தார். பார்த்தார். பூ முன்னைவிடத் தடித்து நின்றது.

"என்ன மாப்ள, புடுங்கிட்டன்னு கேள்விப்பட்டேனே, அந்தப் பிள்ள மறுபடியும் பூ நட்டிருச்சா?"

கருத்தக்கண்ணன் செம்பைக் கீழே வைத்தார். "அது நடல மச்சான். நாந்தான் நட்டேன்."

"நீயா? மீச நரைச்ச வயசுல யாருக்குய்யா பூவு?"

"புழுவுக்கு."

உக்கிரபாண்டி சிரிக்க வாயெடுத்தார். எதிரில் இருந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். கருத்தக்கண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. இந்தப் பத்துக் குழியும் தம்பி பெண்டாட்டியுடையது, அவள் பெயரில்தான் இனி இருக்கும், அவள் என்ன நடச் சொல்கிறாளோ அதைத் தான் நடுவதாகச் சொன்னார். கடைசியில் சொன்னதுதான் அழகம்மாளை உலுக்கியது. "பூவப் பாத்துச் சம்பந்தம் வேணாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லீரு மச்சான். எனக்கு வருத்தமில்ல."

வருத்தம் இல்லாமல் இருக்குமா? அவர் விரல்கள் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

உக்கிரபாண்டி வரப்பில் இறங்கினார். ஒரு செண்டு மொட்டைப் பிரித்தார், புழு. ஒரு தக்காளியைத் திருப்பினார்; கண்ணாடி போல் முழுசாக இருந்தது. இன்னொரு மொட்டு, இன்னொரு காய். ஆள் குசும்பர்தான், ஆனால் விவசாயி. சம்சாரியின் கண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வரப்பேறி வந்து, தன் தோட்டத்துக் கத்தரியும் சொத்தையாகப் போகிறதே, ஓரத்தில் செண்டு வைத்தால் கேட்குமா என்று கருத்தக்கண்ணனிடம் கேட்டார்.

"என்னயக் கேட்டா?" என்று அவர் கொட்டிலைக் கை காட்டினார். "தெரிஞ்சவளக் கேளு."

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அழகம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.  

"கத்தரிக்கு இது கேக்காதுங்க. அந்தப் புழு வேற, குருத்துக்குள்ள போயிரும். வாடுன நுனியத் தெனமும் கிள்ளித் தீயில போடணும். சொத்தக் காயயும் செடியில விடக் கூடாது. பிஞ்சு விடுறதுக்கு முந்தியிருந்தே வேப்பந்தண்ணி அடிச்சுக்கிட்டு வந்தா கொஞ்சம் அடங்கும். பூவுக்கு மயங்காது."

எல்லாப் புழுவுமா பூவுக்கு மயங்கும் என்று உக்கிரபாண்டி முணுமுணுத்தார். அது பழைய நக்கல் இல்லை. மாசியில் நாள் பார்க்கலாம் என்று சொல்லி, போகும்போது ஒரு கைப்பிடி வேப்பம்பருப்பைக் கேட்டு வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார்.

அவர் வண்டி கண்மாய்க் கரை ஏறி மறைந்த பிறகு, அழகம்மாள் அன்று விட்டுப்போன வேலைக்குப் போனாள். செண்டு வரிசையில் குனிந்து மொட்டு மொட்டாகப் பிரித்து, புழுவைப் பொறுக்கிக் கோழிக்கு எறிந்தாள். மேலூருக்குப் போக வேண்டாமா என்று மாயக்காள் கேட்டாள். வேண்டாம், இனி எங்கேயும் போக வேண்டாம் என்று தாய் சொன்னாள். சொல்லும்போதே கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் கிணற்றடிக்கு வந்தாள். கை இரண்டிலும் செண்டு வாசம் அடித்தது. சாம்பல் வைக்கும் மரவைக் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தாண்டிக்கொண்டு, கையைக் கழுவாமல், வீட்டுக்குள் போனாள்.